534 எங்கிருந்து வந்தது?

பவானியில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பதிவறையில் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன். பதிவறை என்பது கொஞ்சம் பெரிய பேச்சு. மாடிப்படிக்குக் கீழே ஒரு இரும்பு அலமாரி, அதன்மேல் துணியில் கட்டிய காகிதக் கட்டுகள், பக்கத்தில் உடைந்த ஒரு ராட்டை. 1980களில் ஜமக்காளத் தறிகளுக்கு வேலை எப்படிப் பிரித்துக் கொடுக்கப்பட்டது என்பது என் ஆய்வு. எத்தனை பாவு ஓட்டுவது, எவ்வளவு சிட்டா நூலுக்கு எழுதிப்போடுவது, இந்த மாதம் எந்தத் தறி ஓடும், எது சும்மா நிற்கும் என்பதெல்லாம் அடுத்த மாதம் எத்தனை ஜமக்காளம் விற்கும் என்ற ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறது. அந்த எண்ணை யார், எப்படிப் போட்டார்கள் என்று தேடிப் போனபோதுதான் தணிக்கைக் கட்டு ஒன்றிலிருந்து அந்தத் தாள் விழுந்தது.

தமிழ்த் தட்டச்சில் அடித்த ஒற்றைத் தாள். தலைப்பில் ஊருக்குக் கீழே ‘பெரியார் மாவட்டம்’ என்று இருந்தது. ஈரோடு மாவட்டத்துக்கு அப்போது அந்தப் பெயர். 1986 ஏப்ரல் முதல் 1987 மார்ச் வரை மாத விற்பனை, பக்கத்தில் ‘மூன்று மாத நகரும் சராசரி’, அடியில் ஒற்றை வரியாக அடுத்த மாத மதிப்பீடு. தேதியும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

| மாதம் | விற்பனை (உருப்படி) | மூன்று மாத நகரும் சராசரி |
|---|---|---|
| ஏப்ரல் | 420 | – |
| மே | 390 | – |
| ஜூன் | 360 | 390 |
| ஜூலை | 330 | 360 |
| ஆகஸ்ட் | 480 | 390 |
| செப்டம்பர் | 570 | 460 |
| அக்டோபர் | 840 | 630 |
| நவம்பர் | 450 | 620 |
| டிசம்பர் | 510 | 600 |
| ஜனவரி | 720 | 560 |
| பிப்ரவரி | 390 | 540 |
| மார்ச் | 600 | 570 |
| ஏப்ரல் 1987 மதிப்பீடு | 534 | |

நகரும் சராசரியை வைத்து முன்கணிப்பது எளிய வேலை. கடைசி மூன்று மாத விற்பனையைக் கூட்டி மூன்றால் வகுத்தால் வருவதுதான் அடுத்த மாத மதிப்பீடு. ஜனவரி 720, பிப்ரவரி 390, மார்ச் 600. கூட்டினால் 1710, மூன்றால் வகுத்தால் 570. தாளிலேயே மார்ச் வரிசைக்கு நேரே 570 என்று அடித்தும் இருக்கிறது. ஆனால் அதற்கு நேர் கீழே மதிப்பீடு 534. ஒரு விரல்கடை இடைவெளியில் இரண்டு எண்கள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

முதலில் பழியை எந்த எண்மேல் போடுவது என்று தெரிய வேண்டும். தலைப்பு தவறா, சராசரிப் பத்தி தவறா, அடிவரி தவறா? தலைப்பில் மூன்று மாதம் என்று இருப்பதாலேயே பத்தியும் மூன்று மாதத்துக்கானது என்று நம்பிவிடக் கூடாது. எத்தனை மாதத்தை ஒரே நேரத்தில் பார்க்கிறோம் என்பதை ஜன்னலின் நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஜன்னல் மாதாமாதம் ஒரு கட்டம் நகர்கிறது. புது மாதம் ஒரு பக்கம் உள்ளே வருகிறது, பழைய மாதம் மறுபக்கம் வெளியே போகிறது. பத்தியின் தலையில் இருக்கும் வெற்றுக் கட்டங்கள் முதல் சாட்சி. இங்கே இரண்டு வெற்று, மூன்றாவது மாதத்தில் முதல் சராசரி. மூன்று மாத ஜன்னலை அதன் கடைசி மாதத்துக்கு நேரே எழுதினால் இப்படித்தான் வரும். கல்லூரிப் பாடப்புத்தகத்தில் போல நடு மாதத்துக்கு நேரே எழுதியிருந்தால் மேலே ஒன்று, கீழே ஒன்று வெற்றாக இருந்திருக்கும்.

ஆனால் வெற்றுக் கட்டம் முழு நம்பிக்கைக்குரிய சாட்சி அல்ல. மூன்று மாத சராசரியை அடுத்த மாதத்துக்கு நேரே எழுதும் வழக்கமும் உண்டு. அப்போது மேலே மூன்று கட்டம் வெற்றாக நிற்கும், பார்ப்பவர் நான்கு மாத ஜன்னல் என்று நினைப்பார். ஆகவே சராசரிகளுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பார்த்தேன். செப்டம்பரிலிருந்து அக்டோபருக்கு சராசரி 460-இலிருந்து 630-க்கு ஏறுகிறது, ஏற்றம் 170. ஜன்னல் மூன்று மாதம் என்றால் இந்த 170-ஐ மூன்றால் பெருக்கினால் வருவது, உள்ளே வந்த மாதத்துக்கும் வெளியே போன மாதத்துக்கும் உள்ள வித்தியாசமாக இருக்க வேண்டும். 170 பெருக்கல் 3, 510. உள்ளே வந்த அக்டோபர் 840, வெளியே போன ஜூலை 330, வித்தியாசம் 510. கச்சிதம். மற்ற வரிசைகளையும் இப்படியே ஓட்டிப் பார்த்தேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. பத்தி மூன்று மாதப் பத்திதான்.

இந்த வித்தை புதிதல்ல. இங்கிலாந்து வங்கி தன் தங்க, வெள்ளி இருப்பை ஊரறியச் சொல்லத் தயங்கிய காலம் ஒன்று உண்டு. 1833-இன் வங்கிச் சாசனச் சட்டம் அதற்கு ஒரு நடுவழி வகுத்தது. வாராவாரக் கணக்கு நிதியமைச்சருக்குப் போகும். பொதுமக்களுக்கு, முந்தின மூன்று மாதத்தின் சராசரி மட்டும் மாதம் ஒருமுறை ‘லண்டன் கெஜட்’ இதழில் வரும். சராசரிக்குள் உண்மை எண் பத்திரமாக ஒளிந்திருக்கும் என்ற நினைப்பு. ஆனால் அடுத்தடுத்த இரண்டு சராசரிகளைக் கழித்து மூன்றால் பெருக்கினால், புதிதாக வந்த மாதம் மூன்று மாதத்துக்கு முந்தைய மாதத்தைவிட எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பது வெளியே வந்துவிடும். 1844-இன் சட்டம் வாராவாரக் கணக்கையே வெளியிடச் சொல்லிவிட்டது. படிக்கட்டுக்கு அடியில் நான் செய்ததும் அதே கழித்தல்தான். தங்கத்துக்குப் பதில் ஜமக்காளம்.

ஆக, பத்தி குற்றமற்றது. சந்தேகம் அடிவரி மேல்தான். அதை வேறு நீள ஜன்னலில் கணித்திருப்பார்களோ என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மாதம் 495. நான்கு மாதம் 555. ஐந்து மாதத்துக்கு நவம்பரின் 450, டிசம்பரின் 510, ஜனவரியின் 720, பிப்ரவரியின் 390, மார்ச்சின் 600, கூட்டினால் 2670. ஐந்தால் வகுத்தேன். 534.

அன்று மாலை கூடுதுறைப் படித்துறையில் உட்கார்ந்து ஒரு பத்தி முழுக்க எழுதிவிட்டேன். சங்கம் காகிதத்தில் மூன்று மாதம் என்று காட்டியது, உள்ளுக்குள் ஐந்து மாதத்தில் கணித்தது. பொங்கல் விற்பனையின் உச்சம் மூன்று மாத சராசரியில் மூன்றில் ஒரு பங்கு எடை பெறுகிறது, ஐந்து மாதத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். உச்சத்தை அமுக்கி நூல் தேவையைக் குறைத்துக்காட்ட விரும்பிய யாரோ இதைச் செய்திருக்கிறார்கள். எழுதும்போது கை தயங்கவே இல்லை. இப்போது படித்தால் கூசுகிறது.

புள்ளியியல் கற்பிக்கும் தோழி ஒருத்திக்கு அந்தப் பக்கத்தை அனுப்பினேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு கேள்வி வந்தது: “எத்தனை சாவி போட்டுப் பார்த்தப்புறம்டி இந்தப் பூட்டு திறந்துச்சு?”

மறுநாள் 2 மாதத்திலிருந்து 12 மாதம் வரை எல்லா ஜன்னலையும் போட்டுப் பார்த்தேன். எட்டு மாத சராசரியும் 570-தான் வருகிறது, மூன்று மாதத்துடையதைப் போலவே. ஆக 570 அடிவரியில் இருந்திருந்தாலும் அது மட்டும் மூன்று மாதத்துக்கு அத்தாட்சி ஆகியிருக்காது. ஒன்பது மாத சராசரி 543. இதில் கடைசி இரண்டு இலக்கமும் இடம் மாறினால் 534. தட்டச்சில் இப்படி மாறுவது தினசரி நடப்பது. ஒன்பது மாத ஜன்னலும் ஒரு தட்டச்சுப் பிழையும் என்றொரு கதை, என்னுடைய ஐந்து மாதக் கதைக்குக் கொஞ்சமும் இளைக்காமல் எதிரே வந்து நின்றது.

தோழி சொல்லவந்தது இதுதான். பதினொரு ஜன்னல்களின் விடைகளும் 495-க்கும் 585-க்கும் நடுவே அடைந்து கிடக்கின்றன. ஒரே விற்பனையை வெவ்வேறு நீளத்தில் சராசரி எடுப்பதால் அவை ஒன்றைவிட்டு ஒன்று அதிகம் விலக முடியாது. அந்தத் தொண்ணூற்றுச் சொச்சம் முழு எண்களில் பத்தை அவை பிடித்துக்கொண்டிருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு அந்த இடைவெளியில் ஒரு எண்ணைத் தொட்டாலே ஏறத்தாழ ஒன்பதில் ஒரு வாய்ப்பில் ஏதோ ஒரு ஜன்னலோடு அது பொருந்திவிடும். நான் கண்டுபிடித்ததாக நினைத்தது ஒன்பதில் ஒன்று மதிப்புள்ள சாட்சி. அதை வைத்து ஒரு மனிதர்மேல் குற்றம் எழுதியிருக்கிறேன்.

ஐந்து மாதக் கதைக்கு வேறு சாட்சி இருக்கிறதா? சங்கம் எப்போதுமே ஐந்து மாதத்தில்தான் கணித்தது என்றால் முந்தின ஆண்டுத் தாளிலும் அது தெரிய வேண்டும். நல்லவேளை, 1985–86 தாள் அதே கட்டில் இருந்தது, ஓரம் மட்டும் செல்லரித்திருந்தது. அந்த ஜனவரி 660, பிப்ரவரி 360, மார்ச் 450. மூன்று மாத சராசரி 490. நவம்பர் 420-ஐயும் டிசம்பர் 480-ஐயும் சேர்த்து ஐந்து மாதத்துக்குப் போட்டால் 474. அடிவரியில் இருந்தது 490. அதே சங்கம், அதே படிவம், ஒரு வருடம் முன்னால் மூன்று மாதத்தில்தான் கணித்திருக்கிறது. இடையில் முறையை மாற்றியிருக்கலாம் என்று வாதாடலாம்தான். ஆனால் ஐந்து மாதக் கதையின் காற்று பாதி இறங்கிவிட்டது.

அப்புறம்தான் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். இதுவரை விற்பனை எண்களை அப்படியே நம்பி ஜன்னலைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலை நம்பி எண்களைச் சந்தேகித்தால்? மூன்று மாத சராசரி 534 என்றால் மூன்று மாத மொத்தம் 1602. ஜனவரியும் பிப்ரவரியும் சேர்ந்து 1110. மீதி 492. கணித்தவர் கையில் இருந்த மார்ச் விற்பனை 600 அல்ல, 492 ஆக இருந்திருக்க வேண்டும். முழு எண்ணாக்கும்போது அரை உருப்படி இப்படி அப்படி ஆகும் என்பதால் 491, 492, 493 மூன்றும் 534-ஐத் தரும்.

இதிலும் ஏமாற இடம் உண்டு. எந்த அடிவரிக்கும் அதைச் சரிக்கட்டும் ஒரு மார்ச் எண்ணைப் பின்னோக்கிக் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம். அடிவரியில் 300 என்று இருந்திருந்தாலும் மார்ச்சில் குறைவாக விற்றது என்று சொல்லியிருப்பேன். பொருந்தியே தீரும் விளக்கம் எதையும் நிரூபிப்பதில்லை. ஒன்றே ஒன்றுதான் இதன் பலம். எங்கே போய் எதைத் தேட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. 1987 மார்ச் விற்பனைப் பதிவேட்டில் 491-க்கும் 493-க்கும் நடுவில் ஒரு எண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இதுவும் போச்சு.

விற்பனைப் பதிவேடு அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. எடுக்கும்போது தும்மல் நிற்கவில்லை. பழைய பதிவேடுகளின் ஒரு நல்ல பழக்கம், ஒவ்வொரு நாள் கணக்கின் முடிவிலும் மாத ஆரம்பத்திலிருந்து அதுவரைக்குமான மொத்தத்தைப் பென்சிலில் எழுதி வைப்பது. மார்ச் பக்கத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன். 26-ஆம் தேதி, வியாழக்கிழமை: 492.

குதிக்கத்தான் தோன்றியது. தோழியின் குரல் காதில் கேட்டது. 26-ஆம் தேதி வரை ஞாயிறு நீக்கினால் இருபத்திரண்டு நாள், நாளுக்கு சராசரியாக இருபத்திரண்டு உருப்படி. தினசரி மொத்தம் இருபத்திரண்டு இருபத்திரண்டாகத் தாவிப் போகும்போது, நான் தேடிய மூன்று எண்களில் ஒன்றைத் தற்செயலாக மிதித்துப்போக ஏறத்தாழ ஏழில் ஒரு வாய்ப்பு. முந்தின சாட்சியைவிடச் சிறப்பாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 26 என்ற தேதிக்குத் தனியாக ஒரு காரணம் வேண்டும். மதிப்பீடு அந்தத் தேதியில்தான் போடப்பட்டது என்று விற்பனையோடு சம்பந்தமே இல்லாத வேறொரு காகிதம் சொல்ல வேண்டும்.

மதிப்பீடு எதற்குப் போடுகிறார்கள்? நூலுக்கு எழுதிப்போட. எழுதிப்போட்ட கடிதம் எங்கே பதிவாகும்? தபால் அனுப்பும் பதிவேட்டில். இரண்டு நாள் தேடினேன். தபால் பதிவேடு கணக்குக் கட்டுகளில் இல்லை. பழைய ஸ்டாம்புச் செலவுச் சீட்டுகளோடு சேர்த்துக் கட்டி ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். 27-3-1987, வெள்ளி: ‘ஏப்ரல் மாத நூல் இன்டென்ட்’. அனுப்பியது யாருக்கு என்ற இடத்தில் மை கலைந்திருந்தது, தேதி மட்டும் பளிச்சென்று இருந்தது. வியாழக்கிழமை மாலை கடையடைத்ததும் அதுவரையான மொத்தத்தை எடுத்து, மூன்று மாதம் கூட்டி, மூன்றால் வகுத்து, வெள்ளிக்கிழமைத் தபாலில் போட்டிருக்கிறார்கள். மாதம் முடியும்வரை காத்திருந்தால் ஏப்ரலுக்கு நூல் வந்து சேராது.

அப்படியானால் 600 எங்கிருந்து வந்தது? 27-ஆம் தேதியிலிருந்து 31 வரை நான்கு வேலை நாளில் 108 உருப்படி விற்றிருக்கிறது. அதில் 72, மார்ச் 31 அன்று போட்ட ஒரே பில். வாங்கியது ஒரு அரசு மாணவர் விடுதி. ஒதுக்கிய பணத்தை நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும், அதனால் கடைசி நாளில் மொத்தமாக வாங்குவார்கள். அரசு அலுவலகங்களோடு வியாபாரம் செய்தவர்களுக்கு மார்ச் 31 எப்படிப்பட்ட நாள் என்று தெரியும்.

இனி ஒரே ஒரு முடிச்சு. தாளில் மார்ச் விற்பனையை 600 என்று திருத்தியிருக்கிறார்கள், மார்ச் சராசரியையும் 570 என்று திருத்தியிருக்கிறார்கள், அடிவரியை மட்டும் தொடவில்லை. மறதியா? இதற்குக் காகிதத்தில் விடை இல்லை, ஆளைத்தான் கேட்க வேண்டும். அந்தக் காலத்து எழுத்தர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார் என்று காவலாளி சொன்னார். அந்தியூர்ச் சாலைப் பக்கம் வீடு. திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். தாளின் நகலைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“நம்ம மிசின்ல அடிச்சதுதானுங்க அம்மிணி. இந்த ‘ரை’ எழுத்து மேல தூக்கி அடிக்கும் பாருங்க.”

“மதிப்பீடு மட்டும் 534-னு விட்டுட்டீங்களே அய்யா. மேலே 570 ஆக்கிட்டீங்க.”

“ஆமாங்க.”

“மறந்துட்டீங்களா?”

கொஞ்சம் கோபம் வந்ததுபோல இருந்தது. “மறக்கறதுக்கு என்னங்க இருக்குது. 534-னு எழுதித்தான நூல் கேட்டோம். நூலும் வந்துருச்சு, பாவு போட்டு பாதித் தறி ஓடீட்டு இருக்குது. தணிக்கைக்காரங்களுக்குத் திருப்பி டைப் அடிக்கறப்ப 570-னு போட்டா, 570-க்கு நூல் எங்கீங்கன்னு கேப்பாங்கல்லங்க? அனுப்புன எண்ணு அனுப்புனதுதான். விக்கிறது மாறும், கணக்கு மாறும், அதெப்படி மாத்தறதுங்க?”

“மார்ச் சராசரியை ஏன் மாத்துனீங்க?”

“அதை வெச்சுத்தான அடுத்த மாசம் ஓட்டணும். பழசைக் கழிச்சுப் புதுசைக் கூட்டறப்ப மார்ச் தப்பா இருந்தா ஜூன் வரைக்கும் தப்பு வருமில்லீங்களா.”

அவர் சொன்னது அத்தனையும் சரி. ஜன்னலுக்குள் நுழைந்த ஒரு தப்பான எண், அது வெளியேறும் வரை ஒவ்வொரு சராசரியையும் கெடுத்துக்கொண்டே இருக்கும். மார்ச்சின் எண், மார்ச், ஏப்ரல், மே மூன்று மாத சராசரியிலும் உட்கார்ந்திருக்கும், ஜூனில்தான் விலகும். அதனால் பத்தியைத் திருத்தினார். மதிப்பீடு வேறு சாதி. மார்ச் 26 அன்று அந்தச் சங்கம் என்ன நினைத்தது என்பதன் பதிவு அது. எழுந்துபோய் ஒரு தகரப் பெட்டியிலிருந்து கணக்கு ரஃப் நோட்டு ஒன்றை எடுத்துவந்தார். அவர் சராசரியை நோட்டில் வைத்துக்கொள்வதே இல்லை, மூன்று மாத மொத்தத்தை மட்டும் வைத்துக்கொள்வார், வகுப்பது தாளில் அடிக்கும்போதுதான். பிப்ரவரிக்கு நேரே 1620. மார்ச்சுக்கு நேரே 1602, அதன்மேல் ஒரு கோடு, பக்கத்தில் வேறு மையில் 1710.

என்னைக் கேட்டால், அவர் செய்யத் தவறியது ஒன்றே ஒன்று. அடிவரிக்கு நேரே ‘26-3 வரையான விற்பனைப்படி’ என்று நாலு வார்த்தை அடித்திருக்கலாம். அவரிடம் சொன்னேன். “அது எங்க எல்லாருக்கும் தெரியுமேங்க” என்றார். தெரியாத ஒருத்தி பல வருடம் கழித்து வந்து திண்ணையில் உட்காருவாள் என்று அவர் எதற்கு எதிர்பார்த்திருக்க வேண்டும்?

திரும்பி வந்து, எழுதி வைத்திருந்த ஐந்து மாதப் பத்தியை அடித்தேன். பிறகு, இந்த 36 உருப்படி வித்தியாசத்துக்கு இத்தனை பாடு தகுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜூன் சராசரி ஜூலையின் மதிப்பீடு, ஜூலை சராசரி ஆகஸ்டின் மதிப்பீடு என்று தாளில் இருப்பதை வைத்தே ஒன்பது மாதத்தைச் சோதிக்கலாம். ஜூலைக்கு 390 என்று சொல்லி விற்றது 330. அக்டோபருக்கு 460 சொல்லித் தீபாவளியில் விற்றது 840. நவம்பருக்கு அந்தத் தீபாவளியையே சராசரியில் சுமந்துகொண்டு 630 சொன்னது, விற்றது 450. ஒன்பது மாதத்துப் பிசகையும் கூட்டினால் 1380, மாதத்துக்கு 153. முறை இயல்பாகவே 153 பிசகும்போது 534-க்கும் 570-க்கும் நடுவே உள்ள 36 பெரிய சங்கதியே அல்ல.

பிசகுக்குக் காரணம் ஜன்னலின் நீளமும் அல்ல. மூன்று மாத சராசரியின் நடுப்புள்ளி பிப்ரவரி, அது கணிப்பதோ ஏப்ரலை. எப்போதும் இரண்டு மாதம் பின்தங்கித்தான் பேசும். விற்பனை சமதளமாக ஓடினால் அது தெரியாது. பொங்கல், தீபாவளி, மார்ச் 31 என்று ஏறி இறங்கும் சரக்குக்கு அது போன பண்டிகையை அடுத்த பண்டிகையில்லாத மாதத்தின் தலையில் கட்டும். 12 மாத ஜன்னல் போட்டால் பண்டிகைகளெல்லாம் கரைந்து 505 கிடைக்கும், அதுவும் ஒரு ஏப்ரலின் கணக்காகாது. முந்தின ஏப்ரலில் எவ்வளவு விற்றது என்று பார்ப்பதுதான் இந்த வியாபாரத்துக்கு எளிய வழி. அது தாளின் முதல் வரியிலேயே இருக்கிறது: 420.

1987 ஏப்ரல் மாத விற்பனையைப் பதிவேட்டில் கூட்டிப் பார்த்தேன். 410. கணக்குப்படி ‘சரியான’ 570-ஐ எழுதியிருந்தால் 160 உருப்படிக்கு நூல் மிஞ்சியிருக்கும். மாதம் முடியும் முன்பே அவசரமாகப் போட்ட 534, மார்ச் 31-இன் விடுதி பில்லைப் பார்க்காததாலேயே, 124-ஓடு நின்றது.

1987–88 தாள் அந்த அலமாரியில் இல்லை. அடுத்த ஆண்டாவது மதிப்பீட்டு வரியில் தேதி போட்டார்களா என்று எழுத்தருக்கு நினைவில்லை. தணிக்கைக்குப் போன கட்டுகளில் சில வீடுகளிலும் பழைய அலுவலகங்களிலும் தங்கிவிட்டன என்று சொல்கிறார்கள். பவானிப் பக்கம் யாராவது பரணை ஒழிக்கும்போது அப்படியொரு தாளோ ரஃப் நோட்டோ கண்ணில் பட்டால், எடைக்குப் போட்டுவிட வேண்டாம், சங்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.